1150-க்கும் 1350-க்கும் நடுவே

இந்தியாவில் அரிவாள் செல் சோகையின் மரபுக்கூறு முதன்முதலில் கண்டறியப்பட்டது நீலகிரிப் பழங்குடி மக்களிடம். ஆண்டு 1952. ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல வளைந்து மெல்லிய நாளங்களை அடைத்துக்கொள்ளும் இந்த நோய்க்குக் காரணம், பீட்டா குளோபின் என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பது. 'ஏ' இருக்க வேண்டிய இடத்தில் 'டி' உட்கார்ந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

நுண்ணோக்கிக்கும் எட்டாத அந்த ஓர் எழுத்தை ஒரு ஜெல் துண்டில் கண்ணால் பார்க்க முடிகிறது. 1982-ல் சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஜூடி சாங்கும் ஒய்.டபிள்யூ. கானும் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். டிஎன்ஏவில் CCTNAGG என்ற எழுத்து வரிசை எங்கே வந்தாலும் எம்எஸ்டி-2 என்ற நொதி அங்கே வெட்டிவிடும். N உள்ள இடத்தில் நான்கு எழுத்துகளில் எது இருந்தாலும் அதற்குச் சம்மதம். வழக்கமான மரபணுவில் அந்த இடம் CCTGAGG, நொதி வெட்டுகிறது. நோய் தரும் மரபணுவில் அது CCTGTGG. நொதி வெட்டாமல் தாண்டிப் போகிறது. வெட்டு விழுந்தால் 1150 எழுத்து நீளத்தில் ஒரு துண்டும் 200 எழுத்தில் ஒரு துண்டும் கிடைக்கும். விழாவிட்டால் 1350 எழுத்து நீளமுள்ள ஒரே துண்டு. ஆக, நோயைக் கண்டுபிடிக்கும் வேலை இந்த இரண்டு நீளங்களையும் பிரித்துப் பார்க்கும் வேலையாகிவிட்டது.

பிரிப்பது மின்சாரத்தின் வேலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பாதிதான் சரி. டிஎன்ஏவின் முதுகெலும்பில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு பாஸ்பேட் உண்டு, ஒவ்வொரு பாஸ்பேட்டுக்கும் ஓர் எதிர்மின்னேற்றம் உண்டு. அதனால் டிஎன்ஏ நேர்மின் முனையை நோக்கி ஓடும். ஆனால் துண்டின் நீளம் இரட்டிப்பானால் அதை இழுக்கும் விசையும் இரட்டிப்பாகிறது, நீரில் அது சந்திக்கும் உராய்வும் இரட்டிப்பாகிறது. இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்துவிடுகின்றன. வெறும் உப்புக்கரைசலில் விட்டால் 1150 எழுத்துத் துண்டும் 1350 எழுத்துத் துண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் போகும்.

வேறுபாட்டை உண்டாக்குவது ஜெல். சிவப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகரோஸ் தூளில் 1 கிராமை 100 மில்லிலிட்டர் உப்புக்கரைசலில் கொதிக்கவைத்து, தட்டில் ஊற்றி ஆறவிட்டால் அது உறைந்து கட்டியாகும். கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும், உள்ளே மெல்லிய இழைகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கின்றன. அடர்ந்த முட்புதருக்குள் பாம்பு வளைந்து வளைந்து நுழைவதைப்போல டிஎன்ஏ அதற்குள் புகுந்து போக வேண்டும். நீளமான துண்டு அதிக இழைகளில் சிக்குகிறது. ஓர் இழையின் இரு பக்கமும் தொங்கி, வழுக்கி விடுபடும்வரை நின்றுவிடுகிறது. குட்டைத் துண்டு அவ்வளவாகச் சிக்காமல் முன்னே போய்விடுகிறது.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. சுமார் இருபதாயிரம் எழுத்தைத் தாண்டிய துண்டுகளை மின்புலம் கம்பிபோல நீட்டி இழுத்துவிடும். நீண்டு நிமிர்ந்தபின் எல்லாத் துண்டும் ஒரே வேகத்தில் போகத் தொடங்கும், பட்டைகள் ஒன்றாகிவிடும். அத்தகைய பெரிய துண்டுகளுக்கு மின்புலத்தின் திசையை அடிக்கடி மாற்றும் வேறு முறை இருக்கிறது.

நமக்கு வேண்டியது 1150-உம் 1350-உம்தான், சாதாரண ஜெல் போதும். ஜெல்லின் ஓர் ஓரத்தில் சீப்பு வைத்து உண்டாக்கிய குழிகள் வரிசையாக இருக்கும். அந்த ஓரம் எதிர்மின் முனைப் பக்கம் இருக்க வேண்டும். திருப்பி வைத்துவிட்டால் டிஎன்ஏ பின்பக்கமாக ஓடி ஜெல்லைவிட்டே வெளியேறிவிடும். மாதிரியோடு கிளிசராலும் நீலச் சாயமும் கலந்து குழியில் விடுகிறார்கள். கிளிசரால் மாதிரியைக் குழிக்குள் அமிழ்த்தும், சாயம் ஓட்டம் எதுவரை வந்திருக்கிறது என்று காட்டும். டிஎன்ஏவுக்கு நிறம் கிடையாது. எத்திடியம் புரோமைடு போன்ற ஒரு பொருள் அதன் படிகளுக்கிடையே நுழைந்துகொள்ள, புறஊதா ஒளியில் ஆரஞ்சு நிறப் பட்டைகள் தெரிகின்றன.

படத்தில் குழிகள் மேலே இருக்கும், ஆகவே கீழே இருப்பது குட்டை, மேலே இருப்பது நெட்டை. எத்தனை எழுத்து என்று சொல்ல ஒரு அளவுகோல் வேண்டும். நீளம் தெரிந்த துண்டுகளின் கலவையை ஒரு குழியில் ஓட்டுவார்கள். ஆய்வகத்தில் அதற்கு 'லேடர்' என்று பெயர். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஓடும் தூரம் நீளத்தின் விகிதத்தைப் பொறுத்தது, கழித்து வரும் எண்ணைப் பொறுத்தது அல்ல. லேடரின் 1500 எழுத்துப் பட்டை குழியிலிருந்து 40 மில்லிமீட்டரிலும், 1000 எழுத்துப் பட்டை 50 மில்லிமீட்டரிலும் நிற்பதாக வைத்துக்கொள்வோம். மடக்கைக் கணக்குப்படி 1350 ஏறக்குறைய 42.5 மில்லிமீட்டரில் நிற்கும், 1150 ஏறக்குறைய 46.5-ல். நடுவே 4 மில்லிமீட்டர். கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். அதே 200 எழுத்து வேறுபாடு 10,000-க்கும் 10,200-க்கும் இடையே இருந்தால் இரண்டும் ஒரே பட்டையாகத்தான் தெரியும்.

சாங்கும் கானும் செய்தபோது ஒரு கூடுதல் படி தேவைப்பட்டது. மனிதனின் முழு டிஎன்ஏவையும் நொதியால் வெட்டினால் எண்ணற்ற துண்டுகள் வரும். ஜெல்லில் தனிப் பட்டை எதுவும் தெரியாது, மேலிருந்து கீழ்வரை ஒரே பூச்சாக இருக்கும். எனவே அதைச் சவ்வில் ஒற்றியெடுத்து, பீட்டா குளோபினை மட்டும் தேடி ஒட்டும் கதிரியக்கத் துண்டால் அடையாளம் கண்டார்கள். இன்று பிசிஆர் முறையில் அந்தப் பகுதியை மட்டும் பெருக்கிக்கொள்வதால் பட்டை நேராகவே தெரிகிறது. பெருக்கும் பகுதியைப் பொறுத்து நீளங்கள் மாறும். படிக்கும் விதம் மாறாது.

ஒவ்வொருவருக்கும் இந்த மரபணு தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு படிகளாக இருக்கும். ஒருவரின் வரிசையில் 1150 மட்டும் தெரிந்தால் இரண்டு படியும் மாறாதவை. 1350 மட்டும் தெரிந்தால் இரண்டிலும் மாற்றம். அவருக்கு நோய் இருக்கிறது. இரண்டு பட்டையும் தெரிந்தால் ஒன்று மாறியது, ஒன்று மாறாதது. அவர் நோயைச் சுமப்பவர், ஆனால் நோயாளி அல்லர். 200 எழுத்துத் துண்டு வெகு கீழே போய்விடும், அதைத் தேடிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

அபாயமும் இதே இடத்தில்தான். நொதி வேலையை முடிக்காமல் பாதியில் நின்றுவிட்டால், மாற்றமே இல்லாதவரின் மாதிரியிலும் வெட்டப்படாத 1350 மீந்து நிற்கும். அவர் நோயைச் சுமப்பவர் என்று தோன்றும். பிசிஆர் முறையில் நொதி அறவே கெட்டிருந்தால் எல்லோருமே நோயாளிகளாகத் தெரிவார்கள். அதனால்தான் மாற்றமில்லை என்று முன்பே உறுதியான ஒரு மாதிரியையும் அதே நொதியால் வெட்டிப் பக்கத்துக் குழியில் ஓட்டுகிறார்கள். அந்த வரிசையில் 1350 தெரிந்தால் படம் முழுவதையும் ஒதுக்கிவிட வேண்டும். மின்னழுத்தம் அதிகமானால் ஜெல்லின் நடுப்பகுதி சூடேறி நடுவரிசைகள் முந்தி ஓடும், பட்டைகள் புன்னகைபோல வளையும். லேடரை இரு ஓரங்களிலும் விடுகிறவர்கள் இந்தக் கோணலை உடனே பிடித்துவிடுவார்கள்.

இன்னொன்று. ஜெல் காட்டுவது நீளத்தை மட்டுமே, எழுத்தை அல்ல. ஹீமோகுளோபின்-சி என்ற வேறொரு மாற்றத்தில் பக்கத்து எழுத்து 'ஜி' போய் 'ஏ' வருகிறது. அது நொதி பொருட்படுத்தாத N இடம். எனவே வெட்டு விழுகிறது, 1150 தெரிகிறது, படம் குறையில்லாதவருடையதுபோலவே இருக்கிறது. மாறாக, அதே இடத்தில் 'ஏ' ஒன்று உதிர்ந்து தலசீமியா உண்டானாலும் வெட்டு விழாது; அரிவாள் செல் மரபணுபோலவே 1350 தெரியும். ஆகவே ஒற்றைப் பட்டையை வைத்து நோயின் பெயர் சொல்லக்கூடாது. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் பரிசோதனையும், தேவைப்பட்டால் டிஎன்ஏவின் எழுத்து வரிசையைப் படித்த முடிவும் அதோடு சேர்ந்து நிற்க வேண்டும்.