முகவரி மாறினால் 301ஆ, 302ஆ?

மாணவர்களே, 2015ஆம் ஆண்டில் பினாங்குத் தீவின் நகராண்மைக் கழகம் மாநகர் மன்றமாகத் தகுதி உயர்ந்தது. பெயர் மாறியதால் அகப்பக்க முகவரியும் mppp.gov.my என்பதிலிருந்து mbpp.gov.my ஆனது. மாறியது ஓர் எழுத்துதான். ஆனால் கணினிக்கு இவை இரண்டும் முற்றிலும் வேறான முகவரிகள்.

இப்படி முகவரி மாறும்போது, பழைய முகவரியைத் தேடி வருபவரைச் சேவையகம் (சர்வர்) புதிய முகவரிக்குத் திருப்பி அனுப்பலாம். இதற்கு வழிமாற்றம் என்று பெயர். அப்போது சேவையகம் ஒரு மூன்றிலக்க எண்ணையும் பதிலாகச் சொல்லும். 301 என்றால் ‘நிரந்தரமாக மாறிவிட்டது’. 302 என்றால் ‘தற்காலிகமாக மாறியுள்ளது’. பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். தேடுபொறிக்கு அப்படியல்ல.

ஒரு பக்கத்தை முடிவுகளில் எந்த இடத்தில் வைப்பது என்று கணிக்க, கூகுள் பல அடையாளங்களைப் பார்க்கிறது. மற்ற தளங்கள் அந்தப் பக்கத்துக்குக் கொடுத்துள்ள இணைப்புகள் அவற்றுள் ஒன்று. மதிப்பீட்டு வரி பற்றிய பழைய பக்கம் ஒன்றுக்கு ஐம்பது தளங்கள் இணைப்புக் கொடுத்திருந்தன என்று வைத்துக்கொள்வோம். அந்த ஐம்பதும் பழைய முகவரியையே காட்டும். 301 கிடைத்தால், தேடுபொறி அந்த மதிப்பைப் புதிய முகவரிக்கு மாற்றி, முடிவுகளிலும் அதையே காட்டத் தொடங்கும். 302 கிடைத்தால், ‘பழைய முகவரி திரும்பி வரும்’ என்று எண்ணி அதையே பட்டியலில் வைத்திருக்கும். 302 நெடுநாள் நீடித்தால், மாற்றம் நிரந்தரமானது என்று கூகுள் தானே முடிவு செய்யக்கூடும். ஆனால் அது எப்போது நடக்கும் என்று சொல்ல முடியாது.

அப்படியானால் எப்போதும் 301தானா? இல்லை. பழுதுபார்ப்புக்காக ஒரு வாரம் மட்டும் வேறு பக்கத்துக்கு அனுப்ப 302தான் சரி. அங்கே 301 கொடுத்தால், உலாவி (பிரவுசர்) அதை நினைவில் வைத்துக்கொள்ளும். பழுது தீர்ந்த பிறகும் சிலரைத் தற்காலிகப் பக்கத்துக்கே அனுப்பிக்கொண்டிருக்கும்.

301 கொடுத்தாலும் இரண்டு தவறுகள் நேரலாம். பழைய பக்கங்கள் அனைத்தையும் முகப்புப் பக்கத்துக்கே அனுப்புவது ஒன்று. வரிப் பக்கம் புதிய வரிப் பக்கத்துக்கே போக வேண்டும். இல்லாவிட்டால், பழைய பக்கம் அழிந்துவிட்டதாகவே கூகுள் கருதலாம். வழிமாற்றத்தைச் சீக்கிரமே நீக்கிவிடுவது மற்றொன்று. தேடுபொறி ஒவ்வொரு பக்கத்தையும் மறுபடி வந்து பார்க்க வேண்டும் அல்லவா? அதனால் குறைந்தது ஓராண்டாவது அதை வைத்திருக்கும்படி கூகுள் அறிவுறுத்துகிறது.

இதை நீங்களே சோதிக்கலாம். கணினியின் கட்டளைச் சாளரத்தில் இதைத் தட்டெழுதுங்கள்:

```
curl -I http://google.com
```

பதிலில் இந்த இரு வரிகளைத் தேடுங்கள்:

```
HTTP/1.1 301 Moved Permanently
Location: http://www.google.com/
```

முதல் வரி மாற்றத்தின் வகையையும், அடுத்தது போகவேண்டிய முகவரியையும் சொல்கின்றன. உங்கள் பள்ளி அகப்பக்கத்தின் முகவரி எப்போதாவது மாறியிருந்தால், பழைய முகவரியை இதேபோல் கேட்டுப் பாருங்கள். அங்கே வருவது 301ஆ, 302ஆ?