புதுப் பங்கு ஏன் மலிவு விலையில் வருகிறது?

ஐபிஓவுக்கு விண்ணப்பிக்கும் சிறு முதலீட்டாளர்கள் வழக்கமாகச் சொல்லும் குறை ஒன்று உண்டு: “நல்ல கம்பெனி வந்தால் அலாட்மென்ட் விழாது, விழுந்தால் அந்தப் பங்கு ஏறாது.” இதை ராசி என்று சொல்லி ஆறுதல் அடைகிறோம். ஆனால் இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. புதுப் பங்குகள் பொதுவாகத் தகுந்த விலையைவிடக் குறைவாக வெளியிடப்படுவதற்கும் அந்தக் கணக்கே முக்கியக் காரணம்.

இரண்டு வெளியீடுகளைப் பாருங்கள். 2023 நவம்பரில் டாடா டெக்னாலஜிஸ் பங்கை 500 ரூபாய்க்கு விற்றது. விற்ற பங்குகளைப் போல சுமார் 69 மடங்குக்கு விண்ணப்பங்கள் குவிந்தன. பட்டியலான அன்று 1,200 ரூபாயில் வர்த்தகம் தொடங்கியது. 2021 நவம்பரில் பேடிஎம் 2,150 ரூபாய்க்கு வந்தது. விண்ணப்பம் 1.89 மடங்குதான். முதல் நாளிலேயே விலை 27 சதவீதம் சரிந்தது. முன்னதில் பங்கு கிடைப்பதே அபூர்வம்; பின்னதில் கேட்டவர்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பு பல மடங்கு அதிகம்.

இது ஏன் நடக்கிறது என்பதை 1986இல் கெவின் ராக் என்ற பொருளியலாளர் விளக்கினார். கம்பெனியை அலசி ஆராயத் தெரிந்தவர்கள் நல்ல வெளியீட்டுக்கு மட்டும் முண்டியடிப்பார்கள், மோசமானதைத் தொடமாட்டார்கள். விவரம் தெரியாதவர் எல்லாவற்றுக்கும் விண்ணப்பிப்பார். நல்லதில் அவருக்குத் துணுக்குதான் மிஞ்சும். மோசமானதோ முழுதாக வந்து சேரும்.

ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். இருபது வெளியீடுகள், ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் கட்டுகிறீர்கள். பத்து நல்லவை, அவற்றின் மதிப்பு 12,000. பத்து மோசமானவை, மதிப்பு 9,000. சராசரி எடுத்தால் 5 சதவீத லாபம். ஆனால் நல்லதில் பத்துக்கு ஒன்றுதான் உங்களுக்கு விழுகிறது: லாபம் 2,000. மோசமான பத்தும் விழுகின்றன: நஷ்டம் 10,000. ஆக, கையைவிட்டுப் போவது 8,000 ரூபாய்.

இப்படியே நடந்தால் விவரம் தெரியாதவர் சந்தையைவிட்டே போய்விடுவார். தெரிந்தவர்களின் பணம் மட்டும் எல்லா வெளியீடுகளையும் விற்றுத் தீர்க்கப் போதாது. ஆகவே அவரைத் தக்கவைக்க விலையைக் குறைக்க வேண்டும். நம் கணக்கில் 10,000 ரூபாயை ஏறக்குறைய 9,273ஆகக் குறைத்தால், கிடைத்த ஒரு நல்லதில் வரும் லாபமும் பத்து மோசமானதில் வரும் நஷ்டமும் சரிக்குச் சரியாகும். அப்போது இருபதின் சராசரி லாபம் 13 சதவீதம் என்று செய்தி வரும். உங்களுக்கோ லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

இது வெறும் ஏட்டுக் கணக்கு என்று தள்ள முடியாது. சிங்கப்பூர் வெளியீடுகளை ஆராய்ந்து கோ, வால்டர் இருவரும் 1989இல் எழுதிய ஆய்வில், சராசரி முதல் நாள் லாபம் 27 சதவீதம். அலாட்மென்ட் கிடைக்கும் வாய்ப்பையும் சேர்த்துக் கணக்கிட்டதும் அது 1 சதவீதமாகச் சுருங்கியது.

விவர இடைவெளியை வேறு இடங்களில் தேடியவர்களும் உண்டு. சந்தை நிலவரம் கம்பெனியைவிட மெர்ச்சன்ட் பேங்கருக்கே நன்றாகத் தெரியும், எளிதாக விற்க அவர் விலையைத் தாழ்த்திவிடுகிறார் என்பது ஒரு வாதம். ஆனால் அமெரிக்காவில் முதலீட்டு வங்கிகள் தங்கள் சொந்தப் பங்கை விற்றபோதும் அதே மலிவு காணப்பட்டதால் இந்த வாதம் வலுவிழந்தது. தரமான கம்பெனி தன் தரத்தைக் காட்டவே மலிவாக விற்று, அடுத்த வெளியீட்டில் அதை ஈடுகட்டுகிறது என்பது இன்னொரு வாதம். இதற்குக் கிடைத்த சான்றுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. பெரிய முதலீட்டாளர்கள் தாங்கள் மதிக்கும் விலையை ஒளிக்காமல் சொல்வதற்குத் தரும் கூலியே இந்த மலிவு என்பது மூன்றாவது. புக் பில்டிங் முறைக்கு இது நன்றாகப் பொருந்துகிறது.

ராக்கின் விளக்கத்துக்கும் எல்லை உண்டு. டாடா டெக்னாலஜிஸ் விலை ஒரே நாளில் இரட்டிப்புக்கு மேல் எகிறியதை அது மட்டும் விளக்காது. முதல் நாள் ஆர்வமும் அதில் கலந்திருக்கிறது. மேலும் இந்தியாவில் நிறுவன முதலீட்டாளருக்கும் சில்லறை முதலீட்டாளருக்கும் தனித்தனி ஒதுக்கீடு இருக்கிறது. ஆனாலும் கடைசி நாளில் நிறுவனங்கள் குவிவதைப் பார்த்துச் சில்லறைக் கூட்டமும் ஓடிவருவதால், நல்ல வெளியீட்டில் குலுக்கலே மிஞ்சுகிறது.

எனவே “ஐபிஓவில் சராசரி லாபம் இவ்வளவு” என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள். நீங்கள் விண்ணப்பித்தவற்றில் எவை கிடைத்தன, அவற்றில் என்ன மிஞ்சியது என்று ஒரு நோட்டில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். உங்களுக்கு உரிய சராசரி அதுதான்.