வரியே இல்லாத நாட்டிலிருந்து ஒரு வரிச் சலுகை

துபாயில் வேலை, திருவனந்தபுரத்தில் டெபாசிட். வட்டியில் வங்கி பிடிப்பது 31.2 சதவீதமா, 12.5 சதவீதமா என்பதை முடிவு செய்வது ஒரு சான்றிதழும் 183 நாட்களும்.

வர்க்கலையிலிருந்து நெடுமங்காடு வரை, திருவனந்தபுரம் மாவட்டத்தில் எந்த வங்கிக் கிளைக்குப் போனாலும் வளைகுடாக்காரர்களின் கணக்குகள் இருக்கும். அவை இரண்டு வகை. வெளிநாட்டுச் சம்பளத்தை அனுப்பிப் போட்டு வைப்பது என்.ஆர்.இ. கணக்கு. அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி கிடையாது. வீட்டு வாடகை, பூர்வீக நிலத்தை விற்ற பணம் போன்ற உள்ளூர் வருமானம் சேருவது என்.ஆர்.ஓ. கணக்கு. தகராறு எல்லாம் இந்த இரண்டாவது கணக்கில்தான்.

ஓர் உதாரணம். துபாயில் வேலை பார்க்கும் ஒருவர், நிலம் விற்ற பணத்தில் 40 லட்சம் ரூபாயை 7 சதவீத வட்டிக்கு என்.ஆர்.ஓ. டெபாசிட்டாகப் போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வட்டி 2,80,000 ரூபாய். உள்ளூர்வாசி என்றால், வட்டி ஒரு குறிப்பிட்ட தொகையைத் தாண்டிய பிறகுதான் வங்கி 10 சதவீதம் பிடிக்கும். வெளிநாட்டில் வசிப்பவருக்கு அந்த வரம்பும் இல்லை, அந்தக் கருணையும் இல்லை. முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதம், அதன் மேல் 4 சதவீத செஸ், ஆக 31.2 சதவீதம். 87,360 ரூபாய் கணக்கிலிருந்து போய்விடும்.

இதற்குக் கடிவாளம் போடுவது இந்தியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் 1992 ஏப்ரலில் கையெழுத்திட்ட இரட்டை வரித் தவிர்ப்பு உடன்படிக்கை. 1993 செப்டம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. அதன் 11-ஆம் பிரிவு, இத்தகைய டெபாசிட் வட்டியில் 12.5 சதவீதத்துக்கு மேல் இந்தியா வரி வாங்கக் கூடாது என்கிறது. அந்தக் கணக்கில் வரி 35,000 ரூபாய்தான். வித்தியாசம் 52,360 ரூபாய்.

ஆனால் இங்கே ஒரு விசித்திரம். ஒரே வருமானத்துக்கு இரண்டு நாடுகள் வரி போடக் கூடாது என்பதற்காகத்தான் இப்படி உடன்படிக்கைகள். அமீரகமோ தனிநபர் சம்பளத்துக்கும் வட்டிக்கும் வரியே போடாத நாடு. ஒரு முறைகூட வரி கட்டாதவருக்கு 'இரட்டை வரி'யிலிருந்து என்ன விடுதலை?

இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கப் பல ஆண்டுகள் ஆயின. முன்கூட்டியே தீர்ப்பளிக்கும் ஆணையத்திடம் 1995-இல் ஓர் அமீரகவாசி கேட்டபோது, அங்கே வரி கட்டாவிட்டாலும் சலுகை உண்டு என்றது ஆணையம். நான்கே ஆண்டுகளில், 1999-இல், இன்னொருவர் கேட்டபோது அதே ஆணையம் பல்டி அடித்தது. வரியே கட்டாதவருக்கு உடன்படிக்கை பொருந்தாது என்றது. 2003-இல் மொரீஷியஸ் உடன்படிக்கை பற்றிய ஆசாதி பச்சாவ் ஆந்தோலன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு நுணுக்கத்தைச் சுட்டிக்காட்டியது. வரிக்கு உட்பட்டவராக இருப்பது வேறு, உண்மையில் வரி கட்டுவது வேறு. கடைசியில் இரு அரசுகளும் 2007-இல் உடன்படிக்கையையே திருத்தின. தனிநபரைப் பொறுத்தவரை, அமீரகத்தில் அவர் வரி கட்டுகிறாரா என்ற கேள்வி போய்விட்டது. ஒரு காலண்டர் ஆண்டில் மொத்தம் 183 நாட்களாவது அங்கே இருந்தாரா என்பதே கேள்வி ஆயிற்று.

அதை நிரூபிப்பது அமீரக வரித் துறை தரும் வசிப்பிடச் சான்றிதழ். 2012-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்திலிருந்து இது இல்லாமல் சலுகை இல்லை. கூடவே இந்திய வருமான வரித் தளத்தில் ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதற்கு 10எஃப் என்று பெயர். 2022 ஜூலையிலிருந்து இது மின்னணு முறைக்கு மாறியது. வட்டியின் உண்மையான உரிமையாளர் தாமே, இந்தியாவில் தமக்கு நிலையான தொழில் அமைப்பு எதுவும் இல்லை என்ற உறுதிமொழியையும் வங்கிகள் கேட்கும். 2026 ஏப்ரல் 1-ஐத் தொடக்க நாளாகக் கொண்ட 2025-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிரிவு எண்களும் படிவ எண்களும் வேறு, அடிப்படை அதுவே.

பலர் சறுக்குவது தேதிகளில். இந்தியாவில் வரி ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, உடன்படிக்கை காலண்டர் ஆண்டைப் பார்க்கிறது. எனவே ஒரு நிதியாண்டின் வட்டி முழுவதற்கும் சலுகை வேண்டுமானால் இரண்டு காலண்டர் ஆண்டுகளைத் தொடும் சான்று தேவைப்படலாம். மே மாதம் வேலையை விட்டு ஊர் திரும்பியவர் அந்த ஆண்டில் சுமார் 150 நாட்களே அங்கே இருந்திருப்பார். முந்தைய ஆண்டின் சான்றிதழ் கையில் இருந்தாலும் அது இந்த ஆண்டுக்கு உதவாது. வட்டி வரவு வைக்கும்போதே வங்கி வரியைப் பிடித்து அரசுக்குக் கட்டிவிடும். அதன் பிறகு காகிதங்களைக் கொண்டுபோய் நீட்டினால் மேலாளரால் ஒன்றும் செய்ய முடியாது. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்துதான் திரும்ப வாங்க வேண்டும்.

எல்லா வளைகுடா நாடுகளுக்கும் ஒரே விகிதம் என்று நினைப்பதும் தவறு. சவூதி அரேபியா, குவைத், கத்தார் உடன்படிக்கைகளில் வட்டிக்கு உச்சவரம்பு 10 சதவீதம். பஹ்ரைனுடன் 2013-இல் நடைமுறைக்கு வந்தது தகவல் பரிமாற்ற உடன்பாடு. அதில் வட்டி விகிதம் என்ற பேச்சே இல்லை. வாடகைக்கும் எந்தக் குறைப்பும் கிடையாது. அசையாச் சொத்து இருக்கும் நாடே அதற்கு வரி போடலாம் என்கிறது அமீரக உடன்படிக்கை. வெளிநாட்டில் இருக்கும் வீட்டுக்காரருக்கு வாடகை தரும்போது வரி பிடித்துக் கட்ட வேண்டியவர் குடியிருப்பவர் என்பது பல குடித்தனக்காரர்களுக்கே தெரியாது.

இனி, அதிகம் பேர் கவனிக்காத விஷயம். 12.5 சதவீதம் என்பது உச்சவரம்புதான், கட்டியே தீர வேண்டிய வரி அல்ல. உடன்படிக்கை, உள்நாட்டுச் சட்டம் இரண்டில் எது சாதகமோ அதை எடுத்துக்கொள்ளச் சட்டமே அனுமதிக்கிறது. 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறையில் 4 லட்சம் வரை வரி இல்லை. நமது உதாரணக்காரருக்கு இந்தியாவில் வேறு வருமானம் இல்லையென்றால் அவர் கட்ட வேண்டிய வரி பூஜ்யம். 12.5 சதவீதம் பிடித்ததோடு திருப்தியடைந்து கணக்கு தாக்கல் செய்யாமல் இருந்தால், கேட்டால் கிடைக்கும் 35,000 ரூபாயை அரசிடமே விட்டுவிடுகிறார் என்று பொருள்.

அதே நபருக்குச் செலவுக் கழிவு போக 12 லட்சம் ரூபாய் வாடகை வருமானமும் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் கதை மாறும். வட்டி 15 சதவீதப் படியில் விழும். செஸ் சேர்த்து 43,680 ரூபாய். உடன்படிக்கைப்படி 35,000. மிச்சம் 8,680 ரூபாய்தான். 30 சதவீதப் படியில் இருப்பவருக்கே 52,360 ரூபாய் முழுசாக மிஞ்சும். ஆனால் இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டினால், வேறெங்கும் வரிக்கு உட்படாத இந்தியக் குடிமகனை இங்கேயே வசிப்பவராகக் கருதும் 2020-ஆம் ஆண்டு விதி குறுக்கே வரும். அப்போது நிரந்தர வீடு எங்கே, வாழ்க்கையின் பிடிப்பு எங்கே என்று உடன்படிக்கை அடுக்கடுக்காகக் கேட்கும். ஆடிட்டர் இல்லாமல் சமாளிக்க முடியாத கட்டம் அது.

ஆக, சிறிய டெபாசிட்காரருக்கு உடன்படிக்கை தருவது வரிக் குறைப்பு அல்ல, குறைவான பணம் முடங்குவதுதான். அவரது உண்மையான நிவாரணம் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, வருமான வரி அதிகாரியிடம் முன்கூட்டியே விண்ணப்பித்துக் குறைந்த பிடித்தச் சான்று பெற்று வங்கியில் தருவது. இன்னொன்று, நிதியாண்டு முடிந்ததும் கெடு தவறாமல் கணக்கு தாக்கல் செய்து, பிடித்த பணத்தைத் திரும்பக் கேட்பது.