‘நூறு வரை’யும் நிச்சயமான நாற்பதும்

சிறு அலுவலகங்களுக்கு வரும் ஃபைபர் பிராட்பேண்ட் பெரும்பாலும் ஜிபான் என்ற முறையில் இயங்குகிறது. சேவை நிறுவனத்தின் நிலையத்திலிருந்து புறப்படும் ஒரே கண்ணாடி இழை, வழியில் ஸ்பிளிட்டர் என்ற சிறு கருவியில் 32 அல்லது 64 கிளைகளாகப் பிரியும். பதிவிறக்கத்துக்கு நொடிக்குச் சுமார் 2,500 மெகாபிட், பதிவேற்றத்துக்கு அதில் பாதி. எல்லாக் கிளைகளுக்கும் சேர்த்து இவ்வளவுதான். 32 பேரும் ஒருசேரப் பதிவேற்றினால் தலைக்கு 40 மெகாபிட்கூடத் தேறாது. அப்படி நேர்வது அரிது என்பதால்தான் ‘100 மெகாபிட் வரை’ என்று குறைந்த விலைக்கு விற்க முடிகிறது.

லீஸ்டு லைனில் ஒப்பந்த வேகம் ஒரே வாடிக்கையாளருக்கென ஒதுக்கப்படுகிறது. பதிவேற்றமும் பதிவிறக்கமும் ஒரே அளவு. வாடகையோ பல மடங்கு.

திருப்பூரில் பின்னலாடை வடிவமைப்பு அலுவலகம் ஒன்று, தினமும் மாலையில் 18 ஜிபி படங்களை வெளிநாட்டு வாங்குநருக்கு அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். பிராட்பேண்டில் 100 மெகாபிட் முழுதாகக் கிடைத்தால் 24 நிமிடத்தில் வேலை முடியும். நெரிசலில் அது 10 ஆகச் சரிந்தால் 4 மணி நேரம். 40 மெகாபிட் லீஸ்டு லைனில் என்றைக்கும் ஏறக்குறைய ஒரு மணி நேரம். கெடு வைத்து வேலை செய்பவருக்கு எப்போதாவது கிடைக்கும் நூறைவிட நிச்சயமான நாற்பதே மேல்.

ஆனால் எல்லா மந்தத்துக்கும் லீஸ்டு லைன் மருந்தாகாது. ஒரு வாரம், காலை 11, மாலை 4, இரவு 8 மணிக்கு, ரவுட்டருடன் கேபிளில் இணைத்த விண்டோஸ் கணினியில் இந்தக் கட்டளையை இயக்கிக் குறித்து வைக்க வேண்டும்:

```
ping -n 100 8.8.8.8
```

கேபிளில் சீராக இருந்து வைஃபையில் மட்டும் தடுமாறினால் கோளாறு கட்டடத்துக்குள்ளேயே இருக்கிறது. அலுவலகத்திலிருந்து பெரிய கோப்பு போகும்போது மட்டும் தாமதம் எகிறினால், சொந்த இணைப்பே நிரம்பிவிட்டது என்று பொருள். ரவுட்டரில் அந்தக் கணினியின் பதிவேற்றத்துக்கு வரம்பு வைத்தாலே பல நேரம் சரியாகிவிடும். அலுவலகத்தில் யாரும் பயன்படுத்தாதபோதும் மாலைதோறும் தாமதம் ஏறுகிறதென்றால், பெரும்பாலும் அது பகிர்வின் நெரிசல். அதற்குத்தான் லீஸ்டு லைன் பணம் தகும்.

இணைப்பு அடியோடு அறுந்துபோவது வேறு சிக்கல். 99.5 சதவீத உத்தரவாதம் என்றாலும் 30 நாள் மாதத்தில் 3.6 மணி நேரம் நின்றுபோக ஒப்பந்தம் இடம் தருகிறது. அதையும் தாண்டினால் பொதுவாக வாடகையில் ஒரு பகுதி கழியுமே தவிர, கைநழுவிய ஆர்டருக்கு ஈடு கிடைக்காது. சாலை தோண்டும்போது இழை அறுந்தால் லீஸ்டு லைனும் நின்றுவிடும். இந்த அச்சமே பெரிதென்றால், இரு வேறு நிறுவனங்களின் பிராட்பேண்டும், ஒன்று விழுந்தால் மற்றதற்குத் தானாக மாறும் ரவுட்டரும் குறைந்த செலவில் கூடுதல் பாதுகாப்புத் தரும். இரண்டு கேபிளும் ஒரே கம்பத்தின் வழியாக வருகின்றனவா என்பதை மட்டும் வாங்கும் முன் நேரில் பார்த்துவிட வேண்டும்.