ஆறு வாரத்தில் கிளவுட் தேர்வு: எந்தப் பாடத்துக்கு எத்தனை நாள்?

கல்லூரியை முடித்துவிட்டு கிளவுட் துறைக்குள் நுழைய நினைக்கும் பலர் முதலில் எழுதுவது அமேசான் வெப் சர்வீசஸின் ‘கிளவுட் பிராக்டிஷனர்’ தேர்வு. இப்போது நடப்பதன் குறியீடு CLF-C02. 90 நிமிடத்தில் 65 கேள்விகள். கட்டணம் 100 டாலர், வரி தனி. 1000-க்கு 700 எடுத்தால் தேர்ச்சி. தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது என்பதால் எந்தக் கேள்வியையும் விடாமல் எழுதலாம்.

பாடத்திட்டத்தில் சேவைகளுக்கு 34 சதவீதம், பாதுகாப்புக்கு 30, அடிப்படைக் கருத்துகளுக்கு 24, கட்டணம் தொடர்பானவற்றுக்கு 12. பலரும் சேவைகளின் பெயர்களை மனப்பாடம் செய்வதிலேயே நாள்களைக் கரைத்துவிட்டுப் பாதுகாப்பைக் கடைசி இரண்டு நாளில் புரட்டுகிறார்கள். என் யோசனை, முதல் வாரம் அடிப்படைக்கு, அடுத்த இரண்டு வாரமும் பாதுகாப்புக்கு, நான்கும் ஐந்தும் சேவைகளுக்கு, ஆறாவது மாதிரித் தேர்வுகளுக்கு. தினமும் ஒன்றரை மணி நேரம் போதும். அமேசானின் ‘ஸ்கில் பில்டர்’ தளத்தில் இந்தத் தேர்வுக்கான அடிப்படைப் பாடம் இலவசமாகவே கிடைக்கிறது.

முதல் வாரத்திலேயே சொந்தமாக ஒரு கணக்கு தொடங்குங்கள். ரூட் பயனருக்கு இரட்டைச் சரிபார்ப்பு போட்டுவிட்டு, அன்றாட வேலைக்குத் தனிப் பயனர் ஒன்றை உருவாக்கிக்கொள்ளுங்கள். அடுத்து, செலவு ஒரு டாலரைத் தாண்டினால் மின்னஞ்சல் வரும்படி ஒரு பட்ஜெட் அமையுங்கள். அந்த மின்னஞ்சல் தகவல் மட்டும்தான் சொல்லும், ஓடுகிற எதையும் நிறுத்தாது. அதுவும் பல மணி நேரம் தாமதமாக வரலாம். ஆகவே பயிற்சிக்காகத் தொடங்கிய சர்வரை அன்றே அழித்துவிடுங்கள். நிறுத்தி வைத்தால் மட்டும் போதாது. அதனுடன் இணைந்த டிஸ்குக்குக் கட்டணம் ஓடிக்கொண்டேயிருக்கும். 12 சதவீதப் பகுதியில் பாதி இப்படிச் செய்து பார்ப்பதிலேயே புரிந்துவிடும்.

பாதுகாப்பில் திரும்பத் திரும்ப வருவது ‘இது யாருடைய பொறுப்பு’ என்ற கேள்வி. EC2 சர்வரில் ஓடும் இயங்குதளத்தைப் புதுப்பிப்பது வாடிக்கையாளர் வேலை. அதே இயங்குதள வேலையை RDS தரவுத்தளத்தில் அமேசான் பார்த்துக்கொள்ளும். ஆனால் அந்தத் தரவுத்தளத்தை யார் திறக்கலாம் என்று முடிவு செய்வது மறுபடியும் வாடிக்கையாளர்தான். சேவை மாறினால் எல்லைக்கோடு நகர்கிறது என்பது பிடிபட்டுவிட்டால் பத்து விதமாகத் திருப்பிக் கேட்டாலும் விடை சொல்லிவிடலாம்.

மாணவர்கள் அதிகம் தடுமாறுவது ஒன்றுபோலத் தோன்றும் சேவைகளில். “நேற்று ஒரு S3 பக்கெட்டை யாரோ அழித்துவிட்டார்கள். யார் என்று எதில் பார்ப்பது?” என்று ஒரு கேள்வி வருவதாக வைத்துக்கொள்வோம். விடைகளில் CloudWatch, CloudTrail இரண்டும் இருக்கும். இதைப் படித்து நினைவில் வைப்பதைவிடச் செய்து பார்ப்பது நல்லது. மும்பை ரீஜியனில் ஒரு காலி பக்கெட்டை உருவாக்கி அழியுங்கள். கால் மணி நேரம் கழித்து CloudTrail-இல் Event history பக்கத்தைத் திறந்து DeleteBucket என்று தேடுங்கள். எந்தப் பயனர், எத்தனை மணிக்கு, எந்த முகவரியிலிருந்து என்று எல்லாம் வரும். வரவில்லையென்றால் திரையின் மேல்மூலையைப் பாருங்கள். வேறு ரீஜியனில் நின்றுகொண்டு தேடியிருப்பீர்கள். இந்தப் பக்கம் 90 நாள் பதிவுகளை மட்டுமே காட்டும் என்பதும் அப்போது தெரியவரும். CloudWatch-க்குப் போனால் சர்வரின் சுமை, வரைபடம், எச்சரிக்கை என்று வேறு உலகம். யார் செய்தது என்றால் முன்னது, எப்படி ஓடுகிறது என்றால் பின்னது.

நான்காவது வார முடிவில் தேர்வுக்கு நாள் குறித்துவிடுங்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் ஆங்கிலத்தில் எழுதும்போது 30 நிமிடம் கூடுதலாகக் கேட்டுப் பெறலாம். தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் முன்பதிவு செய்வதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். பிறகு கேட்டால் அந்தப் பதிவுக்குப் பொருந்தாது.

ஆறாவது வாரத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் முழு மாதிரித் தேர்வு எழுதுங்கள். இடைப்பட்ட நாள் திருத்தத்துக்கு. தவறிய ஒவ்வொரு கேள்விக்கும், சரியான விடை ஏன் சரி என்பதோடு, நீங்கள் தேர்ந்தெடுத்த சேவை எந்தக் கேள்விக்கு விடையாகியிருக்கும் என்றும் ஒரு வரி எழுதுங்கள். ஒரே மாதிரித் தேர்வைத் திரும்ப எழுதி 90 எடுப்பதை நம்பாதீர்கள். அங்கே கேள்வி நினைவில் இருக்கிறது, பாடம் இல்லை. இதுவரை பார்க்காத தேர்வில் 80 சதவீதம் தொடர்ந்து வந்தால் தயார் என்று கொள்ளலாம்.

தேர்ச்சி கிட்டவில்லையென்றால் 14 நாள் கழித்து முழுக் கட்டணம் கட்டி மறுபடி எழுதலாம். எந்தப் பகுதியில் பின்தங்கினீர்கள் என்பது முடிவு அறிக்கையிலேயே பகுதிவாரியாக இருக்கும். அந்த இரண்டு வாரத்தையும் அந்தப் பகுதிக்கே கொடுங்கள்.