பழைய இணையதளம்: தட்டிக்கொட்டினால் போதுமா?

"தளம் பழசாகிவிட்டது, மொத்தமாக மாற்றிவிடலாம்" என்று சொல்பவரிடம் என்ன குறை என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் நிறத்தையும் முகப்புப் படத்தையும்தான் காட்டுவார். அதற்காகத் தளத்தையே பிரித்துப்போட வேண்டியதில்லை. கைப்பேசியில் எழுத்து பொடியாகத் தெரிகிறது என்பதுகூடச் சிறு வேலையாக இருக்கலாம். எல்லாப் பக்கங்களும் ஒரே வார்ப்புருவிலிருந்து வருகின்றன என்றால், அந்த ஒரு கோப்பைத் திருத்தினாலே தளம் முழுக்கச் சரியாகிவிடும்.

கோளாறு உள்ளடக்கத்திலேயே இருந்தால் கதை வேறு. ஒரு சிறு பதிப்பகத்தின் தளத்தை எடுத்துக்கொள்வோம். யூனிகோடு பரவலாவதற்கு முன்பு பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த சில நூறு பக்கங்கள் அதில் இருக்கின்றன. ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் "தமிழ்" என்ற சொல் `jkpo;` என்று வந்து விழுகிறது. கூகுளுக்கும் அப்படித்தான் தெரிகிறது. ஆகவே புத்தகத்தின் பெயரைத் தமிழில் தேடுகிறவருக்கு அந்தப் பக்கம் அகப்படவே அகப்படாது. ஒவ்வொரு பக்கமும் தனித்தனி HTML கோப்பு என்பதால், விலை மாறினால் பக்கம் பக்கமாகத் திறந்து திருத்த வேண்டும். இங்கே ஒட்டுப்போட்டுப் பயனில்லை. புதிதாகத்தான் செய்ய வேண்டும்.

அதற்காக வடிவமைப்பாளரிடம் முதலில் ஓடாதீர்கள். இருக்கும் பக்கங்கள் அனைத்தின் முகவரிகளையும் ஒரு எக்செல் தாளில் பட்டியலிடுங்கள். கடந்த ஓராண்டில் எந்தப் பக்கத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பது சர்வர் பதிவேட்டில் இருக்கும். அதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். எதை வைத்துக்கொள்வது, எதை இன்னொன்றோடு சேர்ப்பது, எதை விடுவது என்பது அப்போது தானாகவே தெளிந்துவிடும்.

அடுத்து, இருபது பக்கங்களை மட்டும் யூனிகோடுக்கு மாற்றி, மெய்ப்புப் பார்ப்பவர் ஒருவரை உட்கார்த்திப் படிக்க வையுங்கள். பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை வைக்கும் முறை. அதனால் நடுவே உள்ள ஆங்கிலப் பெயர்களையும் மின்னஞ்சல் முகவரிகளையும்கூட மாற்றி தமிழென்று நினைத்துக் குதறிவைக்கும். கொம்பு எழுத்துகளிலும் கண் வைக்க வேண்டும். பாமினியில் கொம்பு மெய்க்கு முன்னே வரும், யூனிகோடில் பின்னே சேமிக்கப்படும். இவற்றைக் கண்டுபிடித்து விதி வகுத்த பிறகே மீதிப் பக்கங்களைத் தொடுங்கள்.

புதுத் தளங்கள் பெரும்பாலும் சறுக்குவது முகவரியில்தான். பழைய இணைப்பைச் சொடுக்கியவர் வெறும் 404 பக்கத்தில் போய் நின்றால், பல ஆண்டுகளாகச் சேர்ந்த வாசகர் வரத்து கரைந்துவிடும். அப்பாச்சி சர்வரில் பழைய முகவரி ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு வரி போதும்:

```
Redirect 301 /kavithai12.html /kavithai/12/
```

எக்செல் பட்டியல் இதற்கும்தான். தளத்தை மாற்றிய முதல் சில வாரங்கள் 404 பதிவுகளைத் தினமும் பார்த்து, விட்டுப்போனவற்றைச் சேருங்கள். இந்த வரிகளைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கும்படி கூகுள் சொல்கிறது. அச்சிட்ட புத்தகத்தின் பின்னட்டையில் பழைய முகவரி இருந்தால், அவற்றை எடுக்கவே வேண்டாம் என்பேன்.