கடுகண்ணாவ இறக்கத்தில் 36 தொன்

அடுத்த மழைக்குள் மண்சரிவு வேலைகளை முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் கண்டிப் பக்கத்தில் பெரிய இயந்திரங்களை லோபெட்டில் ஏற்றி இடம் மாற்றுவது பற்றி வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலான கடிதங்களில் ஒரே குழப்பம்: அனுமதிப்பத்திரம் கையில் இருக்கிறது, பொலிஸ் வாகனம் முன்னால் போகிறது, பிறகு என்ன பயம்?

அனுமதி என்பது இவ்வளவு அகலமும் எடையும் உள்ள சுமை இந்த வீதியால் போகலாம் என்பதற்கான எழுத்து. சுமை தட்டில் அசையாமல் இருக்கும் என்று அந்தத் தாள் சொல்வதில்லை. "அனுமதி பெறப்பட்டுள்ளது, ஆகவே பாதுகாப்பானது" என்ற விளக்கத்தை நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான். ஆபத்து பெரும்பாலும் தட்டுக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் இருக்கிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கண்டியில் மண் அள்ளி முடித்த 36 தொன் பெக்கோ ஒன்று கடுகண்ணாவ வழியாக மாவனெல்லைக்கு இறங்குகிறது என்று வையுங்கள். சாரதி திடீரென்று பிரேக் அடித்தால் சுமை தன் எடையில் 80 சதவீத விசையோடு முன்னால் தள்ளும் என்று எடுத்துக்கொண்டு கட்டச் சொல்கிறது ஐரோப்பியத் தரம் 12195. அதாவது ஏறத்தாழ 29 தொன். இதில் ஒரு பங்கை உராய்வு தாங்கும், மிச்சம் முழுவதும் சங்கிலியின் தலையில்.

இரும்புத் தட்டில் இரும்புச் சங்கிலிப்பட்டி நேராக நின்றால் உராய்வு மிகக் குறைவு. எடையில் 15 சதவீதம் என்று வைத்தாலும் ஐந்தரைத் தொன் மட்டுமே. சங்கிலிகள் 23 தொன்னுக்கு மேல் தாங்க வேண்டும். நல்ல 13 மில்லிமீற்றர் சங்கிலி ஒன்று 10 தொன் தாங்கும், ஆனால் அது நேராக இழுபடும்போதுதான். பக்கவாட்டிலும் கீழ்நோக்கியும் சரிந்து கட்டப்பட்ட சங்கிலியில் முன்னோக்கிய தள்ளலைத் தடுக்க மிஞ்சுவது ஆறேழு தொன். ஆகவே பின்பக்கமாக இழுத்துப் பிடிக்கவே நான்கு சங்கிலிகள் வேண்டும். ஏற்றத்தில் பின்னால் வழுகாமல் இருக்கவும் பக்கவாட்டுக்கும் வேறு சங்கிலிகள்.

அதே பெக்கோவின் கீழே தடிப்பான இறப்பர் விரிப்பை வையுங்கள். உராய்வு எடையில் 60 சதவீதம் வரை ஏறும். சங்கிலிகளுக்கு மிஞ்சுவது ஏழு தொன் சொச்சம், அதை இரண்டு சங்கிலிகள் பிடித்துவிடும். ஒரு விரிப்பு இரண்டு சங்கிலிகளின் வேலையைச் செய்கிறது. இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். அது சத்தமின்றிக் கெட்டுப்போவதுதான் கவலை. மண்சரிவிலிருந்து நேராக வந்த இயந்திரத்தின் பட்டிகளில் களி மண் அப்பியிருக்கும். ஈரக் களி விரிப்பின் மேல் பூசப்பட்டால் அந்த 60 சதவீதத்தை நம்ப முடியாது. சங்கிலியின் எண்ணிக்கை மட்டும் தாளில் அப்படியே இருக்கும். ஏற்றுமுன் பட்டிகளைக் கழுவுவதும் சுமையைக் கட்டுவதன் ஒரு பகுதிதான்.

இன்னொன்று: அள்ளுகையைத் தாழ்த்தி, வாளியைத் தட்டில் ஊன்றி, அதற்கும் தனியாகச் சங்கிலி போட வேண்டும். இல்லாவிட்டால் வளைவுகளில் மேற்பகுதி திரும்பப் பார்க்கும். கொக்கியை இயந்திரத்தில் அதற்கென்றே இருக்கும் துளையில் மாட்ட வேண்டும். எண்ணெய்க் குழாய்க்குக் குறுக்கே சங்கிலி ஓடினால் குழாய் நசுங்கும், சங்கிலியும் தளரும்.

பாதை ஆய்வு பற்றி ஒரே வார்த்தை: திகதியைப் பாருங்கள். 2025 நவம்பரில் பஹல கடுகண்ணாவயில் மண் சரிந்து உயிர்களைப் பறித்தது, கண்டி வீதி மூடப்பட்டது, சில நாட்களில் டித்வா சூறாவளி வந்தது. அதற்கு முன் எடுத்த அளவுகள் பழைய வீதியின் அளவுகள். தட்டோடு சேர்ந்து நாலே கால் மீற்றரைத் தாண்டக்கூடிய இயந்திரத்துக்கு, தாழத் தொங்கும் தொலைபேசிக் கம்பியும் புதிதாக இழுத்த மின்கம்பியும் கம்பு பிடித்து மீண்டும் அளக்கப்பட வேண்டும். தற்காலிகப் பாலம் என்றால் மொத்த எடை மட்டும் போதாது. ஒவ்வோர் அச்சிலும் எவ்வளவு, அச்சுகளுக்கிடையே எவ்வளவு தூரம் என்று வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம் காட்ட வேண்டும்.

மிச்சக் கேள்விகளுக்குச் சுருக்கமாக.

எப்போது ஓட்டலாம்? அனுமதியில் எழுதிய நேரத்தில். பெரஹர நாட்களில் கண்டி நகரத்துக்குள் நினைத்தே பார்க்க வேண்டாம்.

முன்வாகனம் எதற்கு? எதிரே வருவோரை வளைவுக்கு வெளியே நிறுத்த; அதனால் சுமைக்கு ஒட்டிப் போகாமல் ஒரு வளைவு முன்னால் போக வேண்டும்.

பின்வாகனம்? முந்திச் செல்வோரைத் தடுக்கவும், சங்கிலி தளர்ந்தால் முதலில் காணவும்.

சங்கிலியைப் பார்ப்பது யார் பொறுப்பு? சாரதி, புறப்படும்போதும், சில கிலோமீற்றர் ஓடிச் சுமை படிந்த பின்னும், கடுகண்ணாவ இறக்கம் தொடங்குமுன் நிறுத்தி இன்னொரு தடவையும்.